மூணு கோழியும் மூன்று கோழிகளும்: வாசிக்கப் பழகும்போது நாம் செய்யும் தவறுகள்

இரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி என் முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறாள். புத்தகத்தில் இருப்பது இது: "பாட்டியின் வீட்டில் மூன்று கோழிகள் இருக்கின்றன." அவள் விரலை ஓட்டிக்கொண்டே, "பாட்டி வீட்டுல மூணு கோழி இருக்கு" என்கிறாள். பக்கத்தில் இருந்த அம்மா உடனே, "என்ன எழுதியிருக்கோ அதப் படி, நீயா சொல்லாத" என்று அதட்டினார். பிள்ளை மறுபடி தொடங்கினாள். இந்த முறை பாட், டி, யின் என்று எழுத்து எழுத்தாகக் கூட்டி, பிழையில்லாமல் கடைசிவரை போய்விட்டாள். "சரி, எத்தன கோழி இருக்கு?" என்று கேட்டேன். முழித்தாள்.

முதல் முறை அவள் வாசித்தாள். இரண்டாம் முறை ஒலித்தாள், அவ்வளவுதான். ஆனால் திட்டு வாங்கியது முதல் முறைக்கு. பல வருடங்களாக மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். என் முதல் சில வருடங்களில் நானும் இதையே செய்திருக்கிறேன்.

தமிழில் பேசுவது ஒரு வடிவம், எழுதுவது இன்னொரு வடிவம். மொழியியலில் இதை இரட்டை வழக்கு என்பார்கள். 1959-ல் சார்லஸ் ஃபெர்குசன் அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்தி கிரியோல் ஆகிய நான்கையும் முன்வைத்து இந்த நிலையை விளக்கினார். தமிழுக்கும் அது அப்படியே பொருந்தும். இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. எழுத்துத் தமிழ் யாருக்கும் வீட்டு மொழி இல்லை. தமிழ்ப் பேராசிரியரும் வீட்டில் "சாப்பாடு இருக்கா?" என்றுதான் கேட்கிறார். ஆறு வயதுப் பிள்ளை பள்ளிக்கு வரும்போது பேச்சுத் தமிழை முழுதாகக் கற்று முடித்திருக்கிறாள். அங்கே அவள் எழுத்துகளோடு சேர்த்து "இருக்கின்றன" என்ற, வீட்டில் யாரும் சொல்லாத ஒரு வடிவத்தையும் கற்கத் தொடங்குகிறாள். ஒரே நேரத்தில் இரண்டு வேலை. நமக்கோ அது ஒரே வேலையாகத் தெரிகிறது.

அதனால் வாசிப்பில் வரும் எல்லாப் பிசகையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. அதே கோழி வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். "மூன்று" என்பதை "மூணு" என்று வாசித்தால், கண் எழுத்தைப் பார்த்தது, மனம் பொருளைப் பிடித்தது, வாய் வீட்டுத் தமிழில் சொன்னது. "கோழி"யைக் "கேழி" என்று வாசித்தால் அது வேறு. முன்னால் நிற்கும் கொம்பைப் பார்த்துவிட்டுப் பின்னால் வரும் காலை விட்டுவிட்டாள் என்று அர்த்தம். இது உண்மையான எழுத்துப் பிசகு, உட்கார்ந்து பயிற்சி கொடுக்க வேண்டியது. "கோழி" இருக்கும் இடத்தில் "சேவல்" என்றால், எழுத்தையே பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துச் சொல்கிறாள். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

"மூணு" என்று சொன்ன பிள்ளை உண்மையிலேயே வாசித்தாளா, இல்லை ஊகித்தாளா என்று சந்தேகம் வந்தால், படத்தைக் கையால் மறைத்துவிட்டு, "மூணு எங்க எழுதியிருக்கு, காட்டு" என்று கேளுங்கள். விரல் நேராக "மூன்று" என்ற சொல்லில் போய் நின்றால் அவள் வாசித்திருக்கிறாள். அதற்கு மேல் அங்கே திருத்த ஒன்றும் இல்லை. அப்புறம் இரண்டாவது முறை, "இப்ப டிவில செய்தி வாசிக்கிறவங்க மாதிரி சொல்லு" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் முதுகை நிமிர்த்திக்கொண்டு "மூன்று கோழிகள் இருக்கின்றன" என்று அழகாகச் சொல்வார்கள். இரண்டு வடிவம் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியும். எதை எங்கே கேட்கிறோம் என்பதுதான் அவர்களுக்குக் குழப்பம். "ஒழுங்காப் படி" என்ற நம் அதட்டல் அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில்லை. வீட்டில் பேசுவது ஒழுங்கில்லாத தமிழ் என்றுதான் பிள்ளைக்குக் கேட்கிறது.

இன்னொரு தவறு, எழுத்துத் தமிழைப் பிள்ளையின் காதில் போடாமலே கண்ணில் காட்டுவது. கதைப் புத்தகத்தை எடுக்கும் பெற்றோர் பலரும், புரியட்டும் என்று முழுக்கப் பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்கிறார்கள். கதை புரிகிறது. ஆனால் "சென்றான்", "அவளிடம்", "ஆகையால்" போன்ற சொற்கள் காதில் விழாமலே போகின்றன. பிறகு பாடப்புத்தகத்தில் "சென்றான்" வரும்போது, பிள்ளை எழுத்தைக் கூட்டி ஒலியைக் கண்டுபிடித்தாலும் அந்த ஒலிக்கு மனதில் ஒரு சொல் காத்திருப்பதில்லை. "போனான்" என்றிருந்தால் பாதி கூட்டும்போதே பிடித்திருப்பாள். அரபு பேசும் பிள்ளைகளிடம் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கு முன்பே எழுத்து வழக்கில் கதை கேட்டு வளர்ந்தவர்கள், பின்னால் படித்ததைப் புரிந்துகொள்வதில் முன்னால் நின்றார்கள். நான் செய்வது எளிது. முதலில் கதையைப் பேச்சில் சொல்லிவிடுவேன். அடுத்த நாள் அதே கதையைப் புத்தகத்தில் இருக்கிறபடியே வாசிப்பேன், ஒரு சொல்லையும் மாற்றாமல். கதை முன்பே தெரிந்திருப்பதால் "சென்றான்" என்பது "போனான்"தான் என்று பிள்ளை தானாகவே பிடித்துக்கொள்கிறாள்.

எழுதும்போது வரும் பிழைகளில்தான் இரட்டை வழக்கு மிகத் தெளிவாகத் தெரியும். பிள்ளை "எலை", "வெலை", "எடம்", "கொடை" என்று எழுதுகிறாள். கவனக்குறைவு என்று பத்து முறை எழுதச் சொல்கிறோம். ஆனால் அவள் காது சரியாகத்தான் வேலை செய்கிறது, நாம் பேசுவதை அப்படியே எழுதியிருக்கிறாள். பேச்சில் இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. சொல்லின் முதலில் குறில் இ அல்லது உ வந்து, அடுத்து ஒரே ஒரு மெய்யும் அதன்மேல் அ அல்லது ஐ ஒலியும் வந்தால், பேச்சில் இ என்பது எ ஆகும், உ என்பது ஒ ஆகும். இலை, விலை, இடம், நிலம், சிவப்பு, குடை, புகை, உடம்பு, குரங்கு, முகம் எல்லாம் இந்தக் குடும்பம். கிளி, புலி, துணி மாறுவதில்லை, ஏனென்றால் அடுத்து வருவது இ. இல்லை, குட்டை, கிண்ணம் ஆகியவையும் மாறுவதில்லை, ஏனென்றால் நடுவில் இரண்டு மெய் நிற்கிறது.

இந்த விதியைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். நான் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுவேன். இடப்பக்கம் "நாம சொல்றது", வலப்பக்கம் "நாம எழுதுறது". எல, வெல, எடம், நெலம் என்று இடப்பக்கத்தில் பிள்ளையே எழுதுவாள். எதிரில் இலை, விலை, இடம், நிலம். நாலைந்து சொல் ஆனதும், "கொரங்கு எப்படி எழுதுவ?" என்றால் தானாகவே "குரங்கு" வருகிறது. "படிச்சேன், படித்தேன், சிரிச்சான், சிரித்தான்" என்பதற்கும், "காத்து, காற்று, நேத்து, நேற்று" என்பதற்கும் தனித்தனித் தாள். ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பேச்சில் எ என்றால் எழுத்தில் இ என்று பிள்ளை மனதில் பதிந்துவிட்டால், மாற்றக் கூடாததையும் மாற்றத் தொடங்குவாள். "செலவு" சரியான சொல். அதைச் "சிலவு" என்று எழுதும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேச்சு எல்லாமே தவறு என்று சொல்லி வளர்த்தால் வரும் விளைவு அது. அதனால் செலவு, தொடை போல இரண்டு பக்கமும் மாறாத சொற்கள் சிலவற்றை அதே தாளின் அடியில் எழுதி வையுங்கள்.

பேசக் கற்கும் பெரியவர்களிடம் தவறு தலைகீழாக நடக்கிறது. வேலைக்காகச் சென்னை வந்த ஒருவர் புத்தகம் வைத்துத் தமிழ் படித்தார். கடையில் போய், "எனக்கு இரண்டு கிலோ வெங்காயம் வேண்டும்" என்றார். கடைக்காரருக்குப் புரிந்தது, நிறுத்தும் கொடுத்தார். சிக்கல் அடுத்த நிமிடம் வந்தது. "சில்லறயா இருந்தா குடுங்கண்ணே, இல்லன்னா ஜிபே பண்ணிருங்க." இதில் அவருக்கு ஜிபே மட்டும்தான் புரிந்தது. எழுத்துத் தமிழில் பேசினால் விறைப்பாகத் தெரியும் என்று மட்டும்தான் பலரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய நட்டம், பதிலாக வரும் தமிழ் காதில் ஏறாதது. புத்தகத்தில் "இல்லையென்றால்" படித்தவருக்கு "இல்லன்னா" புதுச் சொல். "வருகிறேன்" படித்தவருக்கு "வரேன்" புதுச் சொல். பேசுவதுதான் தேவை என்றால் பேச்சிலேயே தொடங்க வேண்டும், எழுத்து சில மாதம் காத்திருக்கலாம். அவருக்கு நான் செய்தது, கடை, ஆட்டோ, பக்கத்து வீடு என்று ஆறு உரையாடல்களைப் போனில் பதிவு செய்து கொடுத்தது. எழுதித் தரவில்லை.

சிங்கப்பூரில் 2005-ல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறு ஆய்வு செய்தபோது, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கும் இடம் கொடுக்கப் பரிந்துரைத்தார்கள். வீட்டில் தமிழ் குறைந்துவரும் ஊரில் பிள்ளைக்குப் பேச வராவிட்டால் மொழியே கைவிட்டுப் போகும் என்பது காரணம். புலம்பெயர்ந்த ஊர்களின் வார இறுதி வகுப்புகளில் பெரும்பாலும் இப்போதும் "நான் பள்ளிக்குச் செல்கிறேன்" என்றுதான் முதல் பாடம் தொடங்குகிறது. பிள்ளை அதை வீட்டில் யாரிடம் சொல்வாள்?

அப்படிப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்க முன்வருபவர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. பேச்சுத் தமிழ் என்றால் சென்னைத் தமிழ், அல்லது சினிமாத் தமிழ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளையின் வீட்டில் "நான் வாறன்" என்பார்கள். அவளிடம் "வரேன்" என்று திருத்தினால் வீட்டில் இல்லாத மூன்றாவது தமிழ் ஒன்றை அவள் தலையில் ஏற்றுகிறோம். அவள் தாளின் இடப்பக்கத்தில் "வாறன்" இருக்கட்டும். வலப்பக்கத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சொல்தான்: வருகிறேன்.