உவமைக்கதை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பலர் சறுக்குவது கதைக்கும் நிஜத்துக்கும் உள்ள ஒற்றுமையில்தான். மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய். தலைமடைக்காரர்கள் ராத்திரியில் மடையைக் கூடுதலாகத் திறந்துவிட, கடைமடை வயல் காய்கிறது. இதை ஊர்க்கூட்டத்தில் கதையாகச் சொல்ல வருகிறவர், "ஒரு குளத்துல பேராசை பிடிச்ச முதலை ஒண்ணு இருந்துச்சாம்" என்று ஆரம்பித்தால் தலைமடைக்காரர் உடனே உஷாராகிவிடுவார். அதன்பின் அவர் காதில் கதை ஏறாது. என்ன பதில் சொல்லலாம் என்றுதான் மனசு ஓடும்.

கேட்பவர் தன்னை அடையாளம் கண்டுகொள்ளும் முன்பே அவர் வாயிலிருந்து தீர்ப்பை வாங்கிவிட வேண்டும். பைபிளில் நாத்தான் என்ற தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் செய்தது இதுதான். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவிட்டவர் தாவீது. நாத்தானின் கதையிலோ மனைவியும் இல்லை, போரும் இல்லை. மந்தை மந்தையாக ஆடு வைத்திருப்பவன், வந்த விருந்தாளிக்குச் சமைக்க ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொள்கிறான். தாவீது கொதித்துப்போய், அவன் சாக வேண்டியவன், நாலு மடங்காகத் திருப்பித் தரவேண்டும் என்கிறார். அப்புறம்தான், அந்த ஆள் நீர்தான் என்கிறார் நாத்தான்.

விவரம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பணக்காரனுக்கு ஒரு வரிதான். குட்டியோ ஏழையின் சாப்பாட்டைத் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, மடியில் தூங்கி, மகள் மாதிரி வளர்கிறது. கெட்டவனை வர்ணித்துக்கொண்டே போவது அடுத்த தவறு. கோபம் பிறப்பது பறிபோன பொருளிலிருந்து. இன்னொன்று: கொல்லப்படுவது குட்டி, நிஜத்தில் செத்தது கணவன். விருந்தாளி யாருக்கும் பொருந்தமாட்டான். ஒவ்வொன்றுக்கும் ஜோடி தேடினால் கதை விடுகதையாகிவிடும்.

கண்மாய்க்கு வருவோம். தண்ணீரை விட்டுவிட்டுக் கிடாவிருந்துக்குப் போகலாம். விடியுமுன்னே வந்து விறகு பிளந்து, அடுப்பெரித்து, அண்டாவைக் கிளறிய ஒருவர் கடைசிப் பந்தியில் உட்கார்கிறார். முதல் பந்தியில் ஒருத்தர் தின்றதுபோகத் தூக்குவாளியிலும் கறியை நிரப்பிக்கொண்டு போய்விட்டதால், இவர் இலையில் வெறும் குழம்பு விழுகிறது. அங்கே நிறுத்துங்கள். "ஆகவே பகிர்ந்து வாழ்வோம்" என்று நீங்களே முடித்தால் தீர்ப்பு உங்களுடையதாகிவிடும். கேட்டவர் தலையாட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.

கூட்டத்துக்கு முன்னால், தகராறு தெரியாத ஒருவரிடம் சொல்லிப் பார்த்து, தப்பு யார்மேல் என்று கேளுங்கள். "யாரைச் சொல்றீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டால் கதை நிஜத்தை ஒட்டிக்கிடக்கிறது. "ரெண்டு பேர் மேலயும்தான்" என்றால் அடுப்படி விவரம் போதவில்லை.

விலங்குக் கதைக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. பஞ்சதந்திரத்துக் கொக்கு தவசிபோல நடித்து மீன்களை ஏமாற்ற முடிவது, கொக்கு நிஜமாகவே கரையில் அசையாமல் நிற்கும் பறவை என்பதால். அந்த இடத்தில் அழகுக்காக மயிலை வைத்தால், அது ஏன் அசையாமல் நிற்கிறது என்று விளக்கவே பாதிக் கதை போய்விடும்.