சுமாத்திராவின் கீழே தகடு எப்படி இறங்குகிறது: அளவுப்படி ஒரு வரைபடம்

உயர்தரப் புவியியல் குறிப்புகள் பலவற்றில் ஒரு வரி உண்டு: "தகடுகள் உரசும்போது உண்டாகும் வெப்பத்தில் பாறை உருகி எரிமலை தோன்றுகிறது." இது சரியல்ல. கொழும்பில் நாம் இருக்கும் தகடே ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர் கிழக்கே, சுமாத்திராவின் கீழே இறங்குகிறது. அந்த இடத்தை அளவு தப்பாமல் வரைந்தால் உண்மைக் காரணம் படத்திலேயே தெரியும். சதுர ரூல் கொப்பி, அடிமட்டம், பாகைமானி, பென்சில் போதும்.

படி 1: அளவுத்திட்டம்

1 செ.மீ. = 20 கி.மீ. நீளத்துக்கும் ஆழத்துக்கும் இதே அளவுதான். பாடநூல் படங்களில் ஆழத்தை இழுத்து நீட்டியிருப்பார்கள், அதனால் தகடு செங்குத்தாக விழுவதுபோல் தோன்றும். தாளை அகலவாக்கில் வைத்து, மேலே கடல்மட்டக் கோடு ஒன்று போடுங்கள். இடது பக்கம் மேற்கு, அதாவது நம் பக்கம். இடது விளிம்பிலிருந்து 6 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வைத்து அ: சுந்தா அகழி என்று எழுதுங்கள்.

படி 2: இறங்கும் தகடு

'அ'விலிருந்து கிழக்கே, 10 பாகை சரிவில், கிடையாக 10 செ.மீ. தூரம் போகும்வரை கோடு இழுங்கள். அங்கே ஆழம் 1.75 செ.மீ. இருக்கும், அதாவது 35 கி.மீ. அதற்கப்புறம் சரிவை 40 பாகையாக்கித் தொடருங்கள். இதுதான் ஆ: இறங்கும் தகட்டின் மேற்பரப்பு. அதற்கு 4 செ.மீ. கீழே இணையாக இன்னொரு கோடு போட்டால் தகட்டின் தடிப்பும் வந்துவிடும்.

இந்தத் தகட்டை இழுப்பது எது? பெரும்பாலும் அதன் சொந்தப் பாரம். கடலடித் தகடு வயதாக ஆக ஆறி அடர்த்தி கூடுகிறது. சுற்றியுள்ள சூடான மேன்டிலைவிடப் பாரமாவதால் அமிழ்கிறது. மேசை விளிம்பில் தொங்கும் போர்வையின் பாரம் மீதியையும் இழுப்பதுபோல, அமிழ்ந்த பகுதி பின்னால் உள்ளதையும் இழுக்கிறது. வேகம் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ.

படி 3: பூட்டிய பகுதி

10 பாகைச் சரிவில் உள்ள பகுதியைச் சிவப்பால் தடிப்பாக்கி இ: பூட்டிய பகுதி என்று எழுதுங்கள். இங்கே பாறை குளிர்ந்து விறைப்பாக இருப்பதால் இரண்டு தகடுகளும் உராய்வில் பிடித்துக்கொள்கின்றன. கீழ்த்தகடு இறங்கும்போது மேல்தகட்டின் நுனியையும் சேர்த்து இழுக்கிறது, அது வளைந்து அமுங்குகிறது. இன்னும் ஆழத்தில் பாறை சூடாகி மெல்ல வழுக்கிப் போவதால் அங்கே இந்தப் பிடி இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு 5 செ.மீ. வீதம் 300 ஆண்டுகள் பிடித்தபடி இருந்தால், 15 மீற்றர் நகர்வு கடனாகச் சேர்ந்திருக்கும். 2004 டிசம்பர் 26 அன்று 9.1 அளவில் நடந்த புவிநடுக்கத்தில் சில இடங்களில் தகடு அந்த அளவுக்கு ஒரேயடியாக வழுக்கியது. முறிவு தொடங்கியது ஏறக்குறைய 30 கி.மீ. ஆழத்தில். உங்கள் படத்தில் 1.5 செ.மீ. இறங்கிப் பாருங்கள், சிவப்புக் கோட்டின் கீழ் நுனிக்குக் கிட்ட வரும். அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 1,300 கி.மீ. கிழிந்துகொண்டே போனது. அமுங்கியிருந்த நுனி விடுபட்டு மேலே எழும்பியதால்தான் கடல்நீரும் எழும்பிச் சுனாமியானது. சிமெலு தீவின் வடமேற்குக் கரையில் நிலம் ஏறக்குறைய 1.5 மீற்றர் உயர்ந்து, உயிருள்ள பவளப்பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து காய்ந்து இறந்தன.

படி 4: எரிமலை

'ஆ' கோடு 5 செ.மீ. ஆழத்தை, அதாவது 100 கி.மீ. ஆழத்தை, தொடும் இடத்தில் ஈ என்று குறியுங்கள். அங்கிருந்து நேர் மேலே போய் நிலப்பரப்பில் உ: எரிமலை வையுங்கள். அகழியிலிருந்து தூரத்தை அளந்தால் ஏறக்குறைய 14 செ.மீ. வரும், அதாவது 280 கி.மீ. சினாபுங், கெரிஞ்சி முதலான எரிமலைகள் வரிசையாக நிற்பது அகழியிலிருந்து கிட்டத்தட்ட அந்தத் தூரத்தில்தான்.

உரசல்தான் உருக்குகிறது என்றால், இறுக்கமாக உரசும் 'இ'க்கு மேலே எரிமலைகள் இருக்கவேண்டும். அங்கே ஒன்றுகூட இல்லை. 'ஈ'யில் நடப்பது வேறு. கடலடியில் கிடந்த காலத்தில் தகட்டின் கனிமங்களுக்குள் நீர் புகுந்து கட்டுண்டிருக்கும். ஆழத்தின் வெப்பமும் அமுக்கமும் அந்த நீரைப் பிழிந்து மேலேயுள்ள மேன்டிலுக்குள் அனுப்புகின்றன. நீர் சேர்ந்ததும் பாறையின் உருகுநிலை நூற்றுக்கணக்கான பாகை இறங்குகிறது. ஏற்கெனவே சூடாக இருந்த திண்மப் பாறையின் ஒரு சிறு பங்கு உருகி மேலே ஏறுகிறது. ஆகவே 'ஈ'யிலிருந்து மேல்நோக்கி அம்புக்குறி போட்டு "நீர்" என்று எழுதுங்கள். "உராய்வு வெப்பம்" என்று எழுதவேண்டாம்.

இந்தப் படத்துக்குள் அடங்காதது

2012 ஏப்ரல் 11 அன்று கொழும்பிலும் அதிர்வு உணரப்பட்டது, சுனாமி எச்சரிக்கையும் வந்தது. அந்தப் புவிநடுக்கம் 8.6 அளவு. ஆனால் அது நடந்தது 'இ'யில் அல்ல, அகழிக்கு மேற்கே, அதாவது உங்கள் படத்தில் 'அ'வுக்கு இடப்பக்கம், இறங்கப்போகும் தகட்டுக்குள்ளேயே. அங்கே பாறைகள் பக்கவாட்டில் வழுக்கின. கடலடி பெரிதாக மேலே எழும்பாததால் அலையும் சிறியதாகவே இருந்தது. பக்கவாட்டு நகர்வைக் குறுக்குவெட்டில் காட்ட முடியாது, அதற்கு மேலிருந்து பார்க்கும் படம் ஒன்று தனியாக வரையவேண்டும்.