பிரசவத்துக்குப் பிறகு வரும் அழுகை: வீட்டார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடுப்பூசி நாளில் புதிதாக வந்த செவிலியர்கள் பால், தையல், ரத்தப்போக்கு மூன்றையும் கேட்டுவிட்டு அட்டையை மூடுவதைப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் நாங்களும் அப்படித்தான். மனசு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வீட்டிலும் அதே கதைதான்.

‘நாற்பது கழியட்டும்’ என்று காத்திருப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்குக் காரணமில்லாத அழுகை வரும், சின்னச் சொல்லுக்கும் கோபம் வரும். ஹார்மோன் சட்டென்று குறைவதும் தூக்கம் கெடுவதும் சேர்ந்து செய்கிற வேலை அது. நடுநடுவே சிரிக்கவும் செய்வாள். இரண்டு வாரத்துக்குள் தானே போய்விடும். மருந்து வேண்டாம், இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் போதும்.

இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அது வேறு. அதன் பெயர் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. முதல் ஒரு வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம்.

ஆறாவது வார ஊசிக்கு ஒரு பெண் வந்தாள். தலை வாரவில்லை, பிள்ளையை அவள் அம்மாதான் வைத்திருந்தார். “பிள்ளை தூங்குறப்ப நீ தூங்குறியாம்மா?” என்று கேட்டேன். “இல்லக்கா, கண்ணை மூடினாலும் வரமாட்டேங்குது. இந்தப் பிள்ளைக்கு நான் லாயக்கில்லக்கா.” அம்மா குறுக்கிட்டார்: “பச்சை உடம்பு, மூணு மாசத்துல சரியாயிடும்.” நாற்பது கழிந்தும் கெடு தள்ளிப்போகிறது, பாருங்கள்!

பிள்ளை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வராதது, எதிலும் ஆசையற்றுப் போவது, தன்னையே குற்றம் சொல்வது: இவைதான் கவனிக்க வேண்டியவை. பிரசவமான தாய்க்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் எடின்பரோ கேள்வித்தாளின் பத்துக் கேள்விகளைக் கேட்டேன். பத்தாவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. ‘எப்போதாவது’ என்றாள். மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அந்த ஒரு பதிலுக்காகவே அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் முதலில் ரத்தசோகை, தைராய்டு பரிசோதனை எடுத்தார்கள், அவையும் இதே சோர்வைத் தரும் என்பதால். அப்புறம்தான் மாத்திரை.

மாத்திரை என்றதும் பாலை நிறுத்துவது

வேண்டாம். செர்ட்ராலின் போன்றவற்றைப் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். மருத்துவரிடம் பால் கொடுப்பதைச் சொல்லிவிடுங்கள்.

ஒரு வாரத்தில் ‘கேட்கவில்லை’ என்று விட்டுவிடுவது

பலன் தெரியச் சில வாரம் ஆகும். தெளிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள்.

‘நாங்களெல்லாம் பெறலையா?’

சொல்லாதீர்கள்.

எங்கே கேட்பது என்று தெரியாமல் இருப்பது

கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

பேய் பிடித்தது என்று கோயிலுக்குக் கொண்டுபோவது

பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், இல்லாத குரல் கேட்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, தூக்கமே தேவையில்லாதது போல நடமாடுவது தொடங்கினால் அது மனச்சோர்வு அல்ல, அவசர நிலை. தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.