மதிப்பெண் பட்டியலிலிருந்து தண்டு-இலை வரைபடம்: படிப்படியாக

கடலூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், தேவனாம்பட்டினம் என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். அரையாண்டுக் கணக்குத் தேர்வில் அவர்கள் வாங்கிய மதிப்பெண்களை, பெயரை எடுத்துவிட்டு, வருகைப் பதிவேட்டின் வரிசைப்படியே தருகிறேன். மொத்த மதிப்பெண் 100.

```
47  35  62   8  53  71  35  44  96
27  58  41  36  83  65  31  50  49
100 38  24  74  42  67  35  88  56
```

இப்படிப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. அதிக மதிப்பெண் 100 என்று தேடிச் சொல்லலாம், அவ்வளவுதான். இதையே தண்டு-இலை வரைபடமாக மாற்றினால், எங்கே கூட்டம், எங்கே வெற்றிடம் என்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு மதிப்பெண்கூடத் தொலையாது. அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டியூக்கி 1970களில் பரவலாக்கிய முறை இது. கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் போதும்.

முதலில் எண்ணிக்கொள்ளுங்கள்

பட்டியலில் 27 எண்கள் இருக்கின்றன. பதிவேட்டில் 28 பெயர். ஒருவர் தேர்வுக்கு வரவில்லை. வராதவருக்குப் பூஜ்ஜியம் போடக் கூடாது. தேர்வு எழுதிப் பூஜ்ஜியம் வாங்குவதும், தேர்வுக்கே வராததும் வேறு வேறு. அவரை வரைபடத்துக்கு வெளியே, அடியில் "ஆப்சென்ட் 1" என்று குறித்துவிடுங்கள். 27 என்பதை நோட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

தண்டு எழுதுவது

ஒவ்வொரு மதிப்பெண்ணையும் இரண்டாகப் பிரிக்கிறோம். கடைசி இலக்கம் இலை, அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் தண்டு. 47-இல் தண்டு 4, இலை 7. தடுமாற்றம் வருவது இரண்டு இடத்தில்தான். 8-க்கு முன்னால் எதுவும் இல்லை, ஆகவே தண்டு 0, இலை 8. 100-இல் கடைசி 0 இலை, தண்டு 10. அதைத் தண்டு 1, இலை 00 என்று பிரித்தால் 100 போய்ப் பத்துகளின் வரிசையில் உட்கார்ந்துவிடும்.

ஆக மிகச் சிறிய தண்டு 0, மிகப் பெரியது 10. 0 முதல் 10 வரை ஒன்றுவிடாமல் மேலிருந்து கீழாக எழுதி, பக்கத்தில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள்.

ஒன்றுவிடாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வகுப்பில் இந்த இடத்தில் ஒரு பெண் கேட்டாள்: "சார், பத்துலேர்ந்து பத்தொன்பதுக்குள்ள யாருமே இல்லையே, அந்த வரிய விட்டுடலாமா?" விடக் கூடாது. விட்டால் 8 வாங்கியவர் 24 வாங்கியவருக்கு அடுத்த வரியில் நிற்பார். அவர் மற்றவர்களைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் என்பதைக் காட்டுவதே அந்தக் காலி வரிதான். கவனிக்க வேண்டிய பிள்ளை யார் என்று அது சொல்கிறது.

இலை சேர்ப்பது

இப்போது பட்டியலை முதலிலிருந்து வாசித்துக்கொண்டே போங்கள். 47 வந்தால் 4-க்கு எதிரே 7. அடுத்து 35, 3-க்கு எதிரே 5. எழுதிய எண்ணைப் பட்டியலில் லேசாக அடித்துவிடுங்கள். இந்தச் சுற்றில் இலைகளை வரிசைப்படுத்த வேண்டாம். வருகிற வரிசையிலேயே எழுதினால் போதும். 3-ஆம் தண்டு இப்படி வரும்:

```
3 | 5 5 6 1 8 5
```

35 மூன்று முறை வருகிறது, ஆகவே 5-ஐ மூன்று முறையும் எழுத வேண்டும். "அதான் ஏற்கெனவே இருக்கே" என்று விட்டுவிடுவது பிள்ளைகள் அடிக்கடி செய்கிற தவறு. ஓர் இலை என்றால் ஒரு மாணவர்.

அப்புறம் ஒவ்வொரு வரியையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, புதிதாக எழுதுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் இலை, காற்புள்ளி வேண்டாம். இலைகளை ஒரு வரியில் நெருக்கி, இன்னொரு வரியில் தள்ளி எழுதினால் வரியின் நீளம் பொய் சொல்லும். கணினியில் தட்டச்சு செய்தாலும் எல்லா இலக்கமும் ஒரே அகலமுள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.

```
 0 | 8
 1 |
 2 | 4 7
 3 | 1 5 5 5 6 8
 4 | 1 2 4 7 9
 5 | 0 3 6 8
 6 | 2 5 7
 7 | 1 4
 8 | 3 8
 9 | 6
10 | 0

3 | 5 = 35 மதிப்பெண்
```

அடியில் இருக்கும் விளக்கக் குறிப்பு கட்டாயம். அது இல்லையென்றால் 3 | 5 என்பதை 3.5 என்றோ 350 என்றோ படிக்கவும் இடமுண்டு.

இப்போது இலைகளை எண்ணுங்கள். 1, 0, 2, 6, 5, 4, 3, 2, 2, 1, 1. கூட்டினால் 27. ஓரத்தில் எழுதி வைத்ததோடு ஒத்துப்போகிறது. குறைந்தால், பட்டியலில் அடிபடாத எண்ணைத் தேடுங்கள்.

நடு மதிப்பெண்

இடைநிலை அளவு இங்கே எண்ணினாலே கிடைத்துவிடும். 27 பேரில் நடுவில் நிற்பவர் 14-ஆவது ஆள். மேலிருந்து வரிவரியாகக் கூட்டினால் 1, 1, 3, 9, 14. அதாவது 4-ஆம் தண்டின் கடைசி இலை, 49. அடியிலிருந்து எண்ணிச் சரிபாருங்கள்: 5-ஆம் தண்டு முடிய 13 பேர், அடுத்தவர் அதே 49. இலைகளை வரிசைப்படுத்தாமல் எண்ணியிருந்தால் அந்த வரியின் கடைசி இலை 2, விடை 42 என்று தப்பாக வந்திருக்கும்.

தண்டைப் பிளந்து பார்ப்பது

எனக்கு இந்த வரைபடத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. பத்தாம் வகுப்பில் தேர்ச்சிக்கு 35 வேண்டும். ஆனால் 3-ஆம் தண்டு 30 முதல் 39 வரை இருப்பதால், தேறியவரும் தேறாதவரும் ஒரே வரியில் கலந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தண்டையும் இரண்டாகப் பிளந்தால் இது சரியாகும். 0 முதல் 4 வரையான இலைகளுக்கு ஒரு வரி, அதற்கு டியூக்கி வைத்த அடையாளம் நட்சத்திரக் குறி. 5 முதல் 9 வரை இன்னொரு வரி, அதற்குப் புள்ளி. நமக்கு வேண்டிய பகுதியை மட்டும் காட்டுகிறேன்:

```
2* | 4
2. | 7
3* | 1
3. | 5 5 5 6 8
4* | 1 2 4
4. | 7 9
```

தேர்ச்சிக்கோடு 3*-க்கும் 3.-க்கும் நடுவில் சரியாக விழுகிறது. கோட்டுக்கு மேலே, 30களில் ஒரே ஒருவர். கோட்டைத் தொட்டவுடன் ஐந்து பேர், அதில் மூன்று பேர் சரியாக 35. 32, 33, 34 ஒருவரும் வாங்கவில்லை. விளிம்பில் நின்ற ஒன்றிரண்டு தாள்களைத் திருத்தியவர் தூக்கிவிட்டிருக்கலாம். மூன்று பேரை வைத்து அப்படி அடித்துச் சொல்ல முடியாது, தற்செயலாகவும் அமையும். ஆனால் அந்த மூன்று விடைத்தாள்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. 35-ஐ நம்பி அந்தப் பிள்ளைகளை அப்படியே பொதுத்தேர்வுக்கு அனுப்ப முடியாது. இதற்குப் பதிலாக நிகழ்வுச் செவ்வகப் படத்தில் 30–40 என்று ஒரு செவ்வகம் வரைந்திருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது.

பிளப்பதானால் எல்லாத் தண்டையும் பிளக்க வேண்டும், 3-ஐ மட்டும் பிளந்தால் வரிகளின் அகலம் மாறி வடிவம் கெட்டுவிடும். 27 பேருக்கு முழுவதும் பிளந்தால் இருபது வரிக்கு மேல் போய்ப் படம் சிதறும், ஆகவே அதைத் தேர்ச்சிக்கோட்டைப் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு முதல் படத்தையே வகுப்பில் காட்டுங்கள். மாறாக, 25 மதிப்பெண் வாராந்திரத் தேர்வில் தண்டு 0, 1, 2 என்று மூன்றே வரிதான் வரும். அங்கே பிளக்காமல் வரைந்தால் வடிவமே தெரியாது.