ஃபைண்ட் அவுட், புட் ஆஃப், கேரி ஆன்: அலுவலக ஆங்கிலத்தில் இவற்றை மாற்றுவது எப்படி?

வினையோடு ஆஃப், அவுட், ஆன் மாதிரி ஒரு சின்னச் சொல் ஒட்டிப் புதுப் பொருள் தந்தால், ஆங்கிலத்தில் அது ஃப்ரேசல் வெர்ப். பேச்சில் இயல்பாக இருக்கும். அறிக்கையில், விண்ணப்பத்தில் பெரும்பாலும் ஒற்றை வினைதான் பொருந்தும். மோட்டார் பழுது பற்றிய ஓர் அறிக்கையை எடுத்துத் திருத்திப் பார்ப்போம்:

"வி புட் த டெஸ்ட் ஆஃப். வி குட் நாட் ஃபைண்ட் அவுட் த காஸ். வி கேரீட் ஆன் வித் தி ஓல்ட் பம்ப்."

படி 1: அடிக்கோடிடுங்கள். முதல் வாக்கியத்தில் புட் ஒரு பக்கம், ஆஃப் ஒரு பக்கம் கிடக்கிறது. நடுவே பெயர்ச்சொல் புகுந்துவிட்டால் கண்ணில் படாமல் போகும். கடைசிச் சொல்லையும் பாருங்கள்.

படி 2: இந்த இடத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். சோதனையை நாமே முடிவு செய்து வேறு நாளுக்கு மாற்றினோமா? அப்படியானால் போஸ்ட்போன். உதிரிபாகம் வராமல் தானாகத் தள்ளிப்போனதா? அது டிலே. "த ஸ்மெல் புட் கஸ்டமர்ஸ் ஆஃப்" என்றால் நாள் கணக்கே இல்லை. நாற்றத்தால் வாடிக்கையாளர் வர விரும்பவில்லை, ஆகவே டிட்டர்.

ஃபைண்ட் அவுட்டும் இப்படித்தான். சோதித்து, அளந்து காரணத்தைக் கண்டால் டிட்டர்மின். ஒரு தகவல் சரிதானா என்று விசாரித்து உறுதிசெய்தால் அசர்டெய்ன். எதிர்பாராமல் தெரியவந்தால் டிஸ்கவர். நம் அறிக்கையில் பம்பைச் சோதித்துத்தான் காரணத்தைக் காண வேண்டும், அதனால் டிட்டர்மின்.

படி 3: சுற்றியுள்ள சொற்களைச் சரிசெய்யுங்கள். கேரி ஆன் என்றால் கன்டினியூ, சரி. ஆனால் "கன்டினியூட் தி ஓல்ட் பம்ப்" என்று எழுதினால் தவறு. பம்பை யாரும் தொடர முடியாது, அதைப் பயன்படுத்துவதைத்தான் தொடர முடியும்: "கன்டினியூட் டு யூஸ் தி ஓல்ட் பம்ப்". சர்வே, வேலை போன்றவை என்றால் "கன்டினியூட் த சர்வே" போதும். லுக் இன்டுவை இன்வெஸ்டிகேட் ஆக்கும்போது பலரும் பின்னால் ஓர் அபவுட் சேர்ப்பார்கள், அது தேவையில்லை.

நாமே நாள் மாற்றினோம் என்று வைத்துக்கொண்டால், திருத்தியது இப்படி வரும்:

"வி போஸ்ட்போன்ட் த டெஸ்ட். வி குட் நாட் டிட்டர்மின் த காஸ். வி கன்டினியூட் டு யூஸ் தி ஓல்ட் பம்ப்."

படி 4: சிலவற்றை விட்டுவிடுங்கள். லாக் இன் என்பதற்கு வேறு சொல் தேட வேண்டாம், அதுதான் அதன் பெயர். கேரி அவுட் ஆய்வறிக்கைகளிலேயே தாராளமாக வருகிறது. அப்புறம், சக ஊழியருக்கு அனுப்பும் இரண்டு வரிக் குறிப்பில் அசர்டெய்ன் போட்டால், அவர் உங்களுக்கு என்ன கோபம் என்றுதான் யோசிப்பார்.