இறுதியாண்டு ப்ராஜெக்ட்: முதல் பதிப்பைத் திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஆண்டு நான் வழிகாட்டும் ஒரு மாணவர் குழு, மண்ணின் ஈரத்தை அளந்து தானாகத் தண்ணீர் பாய்ச்சும் கருவியை ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறது. ஜீரோத் ரிவ்யூவுக்கு முன்பு அவர்கள் காட்டிய திட்டத்தாளைப் பார்த்ததும், மாணவனாக இருந்தபோது நாங்கள் நால்வர் எழுதிய தாள்தான் நினைவுக்கு வந்தது. தாமதமாகத் தொடங்குவது, அறிக்கையைக் கடைசி வாரத்தில் எழுதுவது போன்றவற்றை எல்லோரும் எச்சரித்துவிடுவதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வேலையை ஆளுக்கொரு பாகமாகக் கூறுபோடுதல்

ஒருவருக்குச் சென்சார், ஒருவருக்கு சர்வர், ஒருவருக்கு மொபைல் ஆப், ஒருவருக்கு அறிக்கை என்று அந்தத் தாளில் பிரித்திருந்தார்கள். கடைசி வரியில் ‘இணைத்தல் – ஒரு வாரம்’ என்று இருந்தது. பார்ப்பதற்கு நியாயமான பங்கீடாகத் தெரியும் இந்த முறையை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. ஏனென்றால், பாகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குமா என்பதுதான் இத்தகைய ப்ராஜெக்டில் விடை தெரியாத கேள்வி. அதைத்தான் இந்தப் பங்கீடு கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறது.

எங்கள் குழுவில் சென்சார் என் பொறுப்பு. அதை ESP32 போர்டின் GPIO 26 பின்னில் இணைத்து, உலர்ந்த மண்ணிலும் ஈர மண்ணிலும் செருகிப் பார்த்தேன். சீரியல் மானிட்டரில் எண்கள் ஒழுங்காக மாறின. வேலை முடிந்தது என்று குறித்துவிட்டேன். நண்பர் ஒருவர் வேறொரு போர்டில், சென்சாரே இல்லாமல், தாமே இட்ட மாதிரி எண்களை வைஃபை வழியாக சர்வருக்கு அனுப்பிக்காட்டினார். அவர் வேலையும் முடிந்தது. இரண்டாம் ரிவ்யூவுக்கு மூன்று நாள் முன்பு இரண்டையும் ஒரே போர்டில் சேர்த்தபோது, வைஃபை இணைந்த உடனேயே சென்சாரின் அளவீடு நின்றுபோனது. சென்சாரை மாற்றினோம், கம்பிகளை மாற்றினோம், இரண்டு இரவுகள் போயின.

காரணம் எளியது. அந்தச் சிப்பில் அனலாக் அளவீட்டுக்கு ADC1, ADC2 என்று இரண்டு பகுதிகள் உள்ளன. வைஃபை இயங்கும்போது அது ADC2-ஐத் தன் வசம் எடுத்துக்கொள்கிறது. GPIO 26 அந்த ADC2-இல் அடங்கும். ADC1-இல் உள்ள GPIO 34-க்கு ஒரே ஒரு கம்பியை மாற்றியதும் எண்கள் திரும்பி வந்தன. ஆனால் அதன் பிறகு ஆப்பின் வரைபடம் தலைகீழாக ஓடியது. ஆப் எழுதியவர் ஈரம் 0 முதல் 100 வரை ஏறும் என்று வைத்திருந்தார். எங்கள் கெப்பாசிட்டிவ் சென்சாரிலிருந்து கிடைத்ததோ 0 முதல் 4095 வரையிலான அளவில் ஓர் எண், அதுவும் ஈரம் கூடக் கூடக் குறைகிற எண். அவரவர் பாகத்தை அவரவர் சரியாகவே செய்திருந்தோம்.

ஆகவே முதல் பதிப்பு என்பது நான்கு பாகங்களில் ஒன்றை முழுமையாகச் செய்வதன்று. நான்கையும் மிக மெல்லியதாகத் தொட்டுச் செல்வது. ஒரு பூந்தொட்டி, ஒரு சென்சார், பிரவுசரில் தெரியும் ஓர் எண் போதும். அதற்கும் முன்னால், முதல் வாரத்திலேயே இதை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்:

```
WiFi.begin(ssid, pass);
while (WiFi.status() != WL_CONNECTED) delay(500);
Serial.println(analogRead(34));
```

பணிகளைப் பெயர்களாக எழுதுதல்

‘மொபைல் ஆப்’ என்பது ஒரு பொருளின் பெயர். அது எப்போது முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பிறர் வந்து பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய வாக்கியமாகப் பணியை எழுதுங்கள். ‘வைஃபை இயங்கும்போதே உலர் மண்ணுக்கும் ஈர மண்ணுக்கும் வெவ்வேறு எண்கள் வருகின்றன’ என்பது முதல் பணி. ‘அந்த எண் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்துடன் சர்வரில் பதிவாகிறது’ என்பது அடுத்தது. ‘எண் வரம்பைத் தாண்டினால் எல்இடி எரிகிறது’ என்பது அதற்கடுத்தது. இரண்டு நாளில் முடியாது என்று தோன்றும் பணியை மேலும் உடைக்க வேண்டும்.

மோட்டாரில் தொடங்குதல்

எல்இடி சரியாக எரிந்து அணைந்த பிறகே ரிலேயும் மோட்டாரும் வர வேண்டும். மோட்டாருக்கான மின்சாரத்தைப் போர்டிலிருந்து எடுக்கக் கூடாது.

லாகின் பக்கம்

முதல் பதிப்புக்குத் தேவையில்லை.

செய்யாதவற்றை எழுதாமல் விடுதல்

ரிவ்யூவில் யாராவது ஒருவர் மழை முன்னறிவிப்பையும் சேர்க்கலாமே என்பார். எழுதி வைக்காத குழு அங்கேயே தலையாட்டிவிடும். இந்த ஆண்டுக் குழு, தன் தாளின் பின்பக்கத்தில் முன்னறிவிப்பு, பல தொட்டிகள், மொபைல் ஆப் ஆகிய மூன்றையும் ‘முதல் பதிப்பில் இல்லை’ என்ற தலைப்பின்கீழ் எழுதியிருக்கிறது. ஆப்புக்கு ஒதுக்கியிருந்த மாணவி இப்போது சென்சார் மாணவருடன் அதே மேசையில், அதே போர்டில் வேலை செய்கிறார்.