“இன்று எது கஷ்டம்?” என்ற கேள்விக்கு ‘வர்ணம்’ என்று பதில் எழுதாதீர்கள்

சாதகம் செய்ய நேரமாச்சு என்று மணியடித்து, வாசித்த நிமிடங்களைக் குறித்துக்கொண்டு, கடைசியில் “இன்று எது கஷ்டமாக இருந்தது?” என்று கேட்கும் நினைவூட்டிகளை என் வயலின் மாணவர்கள் சிலர் வைத்திருக்கிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே சொல்லில்தான் பதில் வருகிறது. ஒரு பையனின் பதிவில் நான்கு நாள் தொடர்ந்து ‘மோகன வர்ணம்’ என்றே இருந்தது. ஐந்தாம் நாள் அவன் வில்லை எடுத்தால் எங்கே தொடங்குவான்? பல்லவியிலிருந்துதான். அது அவனுக்கு ஏற்கெனவே நன்றாக வரும்.

வகுப்பில் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். தடுக்கியது ஒரே இடம். மேல் ஸ்தாயியில் ‘க ரி ஸ த’ என்று இறங்கும்போது தைவதம் கொஞ்சம் ஏறிப் பேசியது. முதல் காலத்தில் சுத்தமாக இருந்தது, இரண்டாம் காலத்தில் மட்டும்தான் பிசகியது. குற்றம் கையிலா வில்லிலா என்று பார்க்க, நான்கு ஸ்வரத்தையும் ஒரே வில்லில் இழுக்கச் சொன்னேன். அப்போதும் தைவதம் ஏறியே நின்றது. ஆக, வில் மாற்றம் காரணமில்லை. காந்தாரத்தைப் பிடிக்க மேலே போன கை முழுதாகத் திரும்பி வரவில்லை. மேல் ஸட்ஜத்தில் நின்று, கூடவே நடு ஸட்ஜத் தந்தியையும் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒட்டுகிறதா என்று காது உடனே சொல்லிவிடும். அங்கேயே கை கொஞ்சம் மேலே நின்றது.

அன்று அவனை இப்படி எழுத வைத்தேன்: “மோகன வர்ணம், கடைசி எத்துக்கடை ஸ்வரம், க ரி ஸ த, இரண்டாம் காலம், கை இறங்கவில்லை, த ஏறுகிறது.” மறுநாள் ஸ்ருதி சேர்த்ததும் முதல் வேலை அந்த நான்கு ஸ்வரம்தான், அப்புறம் மூன்று ஸ்வரம் முன்னாலிருந்து தொடங்கி அதற்குள் நுழைவது.

இந்தப் பதிலை ராத்திரி படுக்கப் போகும்போது எழுதுவதும் தவறு. அதற்குள் விரல் மறந்துவிடும், பாட்டின் பெயர் மட்டும் மிஞ்சும். வில்லைத் தளர்த்தும் முன்பே எழுதிவிடுங்கள்.

நிமிடக் கணக்கு பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். தினமும் 40 நிமிடம் என்று இலக்கு வைத்தால், நேரத்தை நிரப்பக் கை தெரிந்த கீதத்துக்கே போகும். ஸ்ருதி சேர்க்கும் நேரத்தையும் தெரிந்த உருப்படிகளையும் தனியாகக் குறித்து, அந்த நான்கு ஸ்வரத்தோடு எத்தனை நிமிடம் இருந்தீர்கள் என்பதை வேறாக எழுதுங்கள். அந்தப் பையனுக்கு அது முதல் நாள் 6 நிமிடம்தான். ஆனால் அடுத்த வகுப்பில் தைவதம் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.